‘அடுத்த வாய்ப்பு உங்களுக்கே’ என்று எழுதலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் ஹெச்.ஆர். வேலையை நான் ஒருத்தியே பார்க்கிறேன். சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்குக் கடைசிச் சுற்றில் இருவர் இருந்தார்கள். ஒருவரை எடுத்துவிட்டோம், ஆஃபரையும் அவர் ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் திருமணமான பெண். இரண்டு முறை நேரில் வந்து போனார். அவர் மனம் நோகக் கூடாது என்று இப்படி எழுதினேன்:

“நீங்கள் இந்தப் பணிக்கு மிகவும் தகுதியானவர். இருந்தாலும் தங்களைவிடக் கூடுதல் அனுபவம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்திருப்பதால், தற்சமயம் தங்களை எடுக்க இயலவில்லை. மாதக் கடைசியில் இரவு வரை வேலை இருக்கும், அது தங்கள் குடும்பச் சூழலுக்குச் சிரமமாக இருக்கும் என்றும் கருதினோம். தங்கள் விவரங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும். அடுத்த காலியிடம் வரும்போது தங்களுக்கே முன்னுரிமை.”

உண்மையில் தேர்வானவருக்கு அனுபவம் இவரைவிடக் கொஞ்சம் குறைவு. ஜிஎஸ்டி வேலையில் கெட்டிக்காரர் என்பதால் எடுத்தோம். எம்.டி. படித்துவிட்டு, “இது நாளைக்கு வம்பை இழுக்கும், ஒரே வரியில் முடி” என்கிறார். எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் எம்.டி.யின் பயம் நியாயமானது. ஆனால் ஒரே வரி போதாது. இரண்டு முறை பஸ் ஏறி வந்து, விடுப்பு எடுத்து, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவருக்கு அவர் பெயரும், எந்தப் பணி என்பதும், முடிவு என்ன என்பதும் தெளிவாக இருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ஏழெட்டு வாக்கியத்தில் அது முடிந்துவிடும். உங்கள் வரைவில் சிக்கலை உண்டாக்குவது நீளம் இல்லை. ஆறுதலுக்காகச் சேர்த்த வாக்கியங்கள்தான்.

முதலில் அந்தக் ‘குடும்பச் சூழல்’ வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றவையெல்லாம் கடிதத்தில் திருத்திவிடக்கூடியவை. இது அப்படியில்லை.

தனியார் நிறுவனம் ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று விண்ணப்பித்தவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் சில காரணங்களுக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதே வேலைக்கோ அதை ஒத்த வேலைக்கோ ஆள் எடுக்கும்போது பால் வேறுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது அது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பில் 3-ஆம் பிரிவாக இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலை விஷயத்தில் இதே மாதிரியான பாதுகாப்பைத் தருகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இப்போது உங்கள் வரியைப் படித்துப் பாருங்கள். அந்தப் பெண் இரவு வரை இருக்க முடியாது என்று சொன்னாரா? சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. “கருதினோம்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கடைசிச் சுற்றில் இருந்த மற்றவரின் குடும்பச் சூழலைப் பற்றி யாராவது எதையாவது கருதினார்களா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் ஒரு வழக்கறிஞர் முதலில் கேட்பார். திருமணமான பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று காட்ட அவர் வேறு சாட்சியைத் தேட வேண்டாம். உங்கள் லெட்டர்ஹெட்டில் உங்கள் கையெழுத்தோடு அதை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

வரியை அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கடிதம் அனுப்பும் முன் எம்.டி.யிடமும் நேர்காணலில் உட்கார்ந்தவர்களிடமும் நேராகக் கேளுங்கள்: இந்தப் பெண்ணை எடுக்காததற்கு வீடு, கணவர், குழந்தை இதில் ஏதாவது காரணமா? ஜிஎஸ்டி திறமை மட்டும்தான் காரணம் என்றால், அந்த வரி உண்மைக்கே மாறானது. உங்களை நீங்களே தேவையில்லாமல் மாட்டிவிட இருந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஆமாம், அதுவும் பேசப்பட்டது என்று பதில் வந்தால், எவ்வளவு கவனமாக எழுதிய கடிதமும் அந்த முடிவைச் சுத்தமாக்காது. அப்போது கடிதத்தை நிறுத்திவைத்துவிட்டு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆஃபரை அவசரப்பட்டுத் திரும்பப் பெறுவதும் வேறொரு தகராறு என்பதால், அவரைக் கேட்காமல் அதையும் செய்ய வேண்டாம். முக்கியமாக, பழைய தேதி போட்டுப் புதிதாக மதிப்பெண் தாள் தயாரிக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

ஜிஎஸ்டிதான் காரணம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

“தங்களைவிடக் கூடுதல் அனுபவம் உள்ளவர்” என்ற வரி பொய் என்று உங்களுக்கே தெரிகிறது. மறுப்புக் கடிதங்களில் வழக்கமாக வரும் வரி என்பதால் கை தானாக எழுதியிருக்கும். கணக்குத் துறை சின்ன உலகம். ஒரே ஆடிட்டரிடம் பயிற்சி எடுத்தவர்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். தேர்வானவர் சேர்ந்த வாரத்திலேயே தன் லிங்க்ட்இன் பக்கத்தில் புது வேலையைப் போட்டுவிடுவார். எத்தனை ஆண்டு அனுபவம் என்பதும் அதில் இருக்கும். அந்தப் பெண் அதைப் பார்த்ததும் என்ன நினைப்பார்? சொன்ன காரணம் பொய் என்றால் சொல்லாத காரணம் வேறு எதுவோ என்றுதான் நினைப்பார். வழக்கு என்று வந்தாலும் இதே பாதையில்தான் போகும். நிறுவனம் சொன்ன காரணம் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று காட்டிவிட்டால், உண்மைக் காரணத்தை மறைத்தார்கள் என்ற வாதத்துக்குக் கால் முளைத்துவிடும். ஒரு குற்றமும் செய்யாத நிறுவனம்கூட இப்படித்தான் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறது. தவிர, தேர்வானவரின் அனுபவத்தைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல உங்களுக்கு அவர் அனுமதியும் தரவில்லை.

“மிகவும் தகுதியானவர்” என்பதிலும் இதே வம்பு இருக்கிறது. நாளைக்கு அவர் கேள்வி கேட்டு, நீங்கள் “ஜிஎஸ்டி வேலையில் போதிய தேர்ச்சி இல்லை” என்று பதில் எழுத நேர்ந்தால், உங்கள் முதல் கடிதம் உங்கள் இரண்டாவது கடிதத்தை மறுக்கும். பாராட்ட வேண்டும் என்று தோன்றினால், நடந்த ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். இரண்டு முறை வந்தார், நேரம் ஒதுக்கினார். அது உண்மை, யாரும் மறுக்க முடியாது, படிப்பவருக்கும் தன்னைக் கவனித்தார்கள் என்று தெரியும்.

‘தற்சமயம்’ என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொல்வேன். எழுதுகிறவருக்கு அது மரியாதைச் சொல். வேலைக்குக் காத்திருப்பவருக்கு அது, இன்னும் கதவு மூடவில்லை என்ற செய்தி. இப்படி ஒரு சொல்லை நம்பி, கையில் இருந்த இன்னொரு ஆஃபரைத் தள்ளிப்போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் அது முடிந்துவிட்டது என்று கடிதத்தில் தெரிய வேண்டும்.

அப்புறம் அந்தக் கடைசி வாக்குறுதி. சட்டப்படி பார்த்தால், “அடுத்த காலியிடத்தில் தங்களுக்கே முன்னுரிமை” என்ற ஒரு வரியை வைத்து யாரும் உங்களிடம் வேலையை வாங்கிவிட முடியாது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பதிலுக்கு எதுவும் பெறாமல் சும்மா கொடுத்த வாக்கு ஒப்பந்தம் ஆகாது. அதனால் பயமே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கணக்குப் பிரிவில் இன்னொரு இடம் காலியாகிறது. நீங்கள் அந்தக் கம்பெனியிலேயே இல்லாமலும் போகலாம். புதிதாக வந்த ஹெச்.ஆர். விளம்பரம் போட்டு வேறு ஒருவரை எடுக்கிறார். அந்தப் பெண் கடிதத்தை எடுத்துப் படிக்கிறார்: மிகவும் தகுதியானவர், முன்னுரிமை உண்டு, ஆனால் கூப்பிடவில்லை. இடையில் மாறியது என்ன? கர்ப்பமாக இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ? வக்கீல் நோட்டீஸ் பெரும்பாலும் இந்த மாதிரியான ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. கடைசியில் நீங்களே ஜெயித்தாலும், பதில் எழுதும் செலவும் அலைச்சலும் உங்களுடையதுதான். அதைவிட, நம்பிக்கை வைத்துக் காத்திருந்த அவருடைய மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது. எதிர்காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், காலியிடங்களை எங்கே அறிவிப்பீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

“விவரங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும்” என்பதும் ஒரு வாக்குறுதிதான், அதை யாரும் கவனிப்பதில்லை. பயோடேட்டா மட்டுமா உங்களிடம் இருக்கிறது? ஆதார் நகல், பான் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சில இடங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட்கூட நேர்காணலுக்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எந்த வேலைக்காக விவரத்தை வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எடுக்காத ஒருவரின் ஆதார் நகல் உங்கள் அலமாரியில் இருக்க எந்தக் காரணமும் இல்லை. அதைக் கிழித்துவிடுங்கள், மெயிலில் வந்ததையும் அழித்துவிடுங்கள். பயோடேட்டாவை வைத்துக்கொள்ள விரும்பினால் எவ்வளவு காலம் என்று சொல்லி அவர் சம்மதத்தைக் கேளுங்கள். அசல் சான்றிதழ் எதையாவது வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

சரி, காரணத்தையே எழுதக் கூடாது என்றால் காரணம் எங்கே இருக்க வேண்டும்? உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். நேர்காணல் நடந்த அன்றே, முடிவு எடுப்பதற்கு முன், ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல். சீனியர் அக்கவுண்டன்ட் என்றால் டேலியில் வேகம், டிடிஎஸ் பிடித்தமும் கட்டுவதும், வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிசெய்வது, ஜிஎஸ்டி. உங்கள் மாதிரி கம்பெனிக்கு ஜிஎஸ்டி ஏன் முக்கியம் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பும் மோட்டாரும் கொடுக்கும் சப்ளையர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், அந்த விலைப்பட்டியல் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வராது. அதில் வராத வரிக்கு நீங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அப்போது அந்தப் பணம் உங்கள் கைக்காசு. விடுபட்டதை மாதாமாதம் பிடித்து சப்ளையரைத் துரத்துகிற ஆள் உங்களுக்கு வேண்டும்.

ஆகவே தாளில், “கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிடும் பயிற்சியில், விடுபட்ட மூன்று பட்டியல்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மற்றவர் மூன்றையும் கண்டுபிடித்து, சப்ளையருக்கு எழுத வேண்டிய மெயிலையும் சொன்னார்” என்று இருந்தால், அது எந்த இடத்திலும் நிற்கும். “நல்ல பெண், ஆனால் செட் ஆகமாட்டார்” என்று இருந்தால் நிற்காது. “வீடு தூரம், குழந்தை சின்னது” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. உங்கள் நேர்காணலில் இப்படிப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை என்றால், அப்போது கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் என்ன என்பதை, இன்று எழுதுகிறோம் என்று இன்றைய தேதியோடு எழுதி வையுங்கள். ஒப்பந்தத் தகராறுகளுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டு என்பதால், இந்தத் தாளை மட்டும் அதுவரை பூட்டி வைக்கச் சொல்வேன்.

இனி கடிதம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பொருள்: சீனியர் அக்கவுண்டன்ட் பணி – தேர்வு முடிவு

அன்புள்ள (பெயர்) அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்காக இரண்டு முறை நேரில் வந்ததற்கு நன்றி.

இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்களைத் தேர்வு செய்யவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். இந்தப் பணிக்கான தேர்வு முடிந்துவிட்டது.

நீங்கள் அளித்த ஆதார், பான், சம்பளச் சீட்டு நகல்களை அழித்துவிட்டோம்.

எங்கள் காலியிடங்களை எங்கள் இணையதளத்தில் அறிவிக்கிறோம். விருப்பம் இருந்தால் அவற்றுக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

எங்களுக்காக நீங்கள் ஒதுக்கிய நேரத்துக்கு மீண்டும் நன்றி.

இப்படிக்கு,
(உங்கள் பெயர், பதவி)”

பெயருக்கு முன் திருமதி, செல்வி எதையும் நான் போடவில்லை. திருமணம் இந்தக் கடிதத்துக்குள் எந்த வழியிலும் வர வேண்டாம். “அழித்துவிட்டோம்” என்பதை உண்மையிலேயே அழித்த பிறகு மட்டும் எழுதுங்கள். அழிக்கவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். இணையதளத்தில் நீங்கள் காலியிடம் அறிவிப்பதில்லை என்றால் அந்த வரியும் வேண்டாம். “நிர்வாகத்தின் முடிவே இறுதியானது, எந்தக் கடிதப் போக்குவரத்தும் ஏற்கப்படாது” என்று கடைசியில் சேர்க்க உங்கள் எம்.டி. விரும்பலாம். அது எந்தச் சட்டப் பாதுகாப்பையும் தராது. படிப்பவருக்குக் கோபம் மட்டும் வரும்.

ஆஃபரை ஏற்றதாக மற்றவரிடமிருந்து எழுத்தில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அவருடைய நோட்டீஸ் காலம் முடிந்து, வேலையில் வந்து சேரும்வரை இந்தப் பெண்ணைக் காத்திருப்பில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்வதானால், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம் என்று அவரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பதில் சொல்லாமல் வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒருவேளை தேர்வானவர் வராமல் போனால், மறுப்புக் கடிதம் அனுப்பிய பிறகும் இவரைத் தாராளமாகக் கூப்பிடலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதல் சுற்றிலேயே நின்றுபோனவர்களுக்கும் மெயில் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். எல்லார் முகவரியையும் சிசி-யில் போட்டுவிடாதீர்கள். இன்னொரு கம்பெனியில் வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பித்தவரின் பெயர் அங்கே தெரிந்தால், அவருடைய இப்போதைய வேலைக்கே ஆபத்து.

கடிதத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அதற்கு அடுத்து வரும் போன்தான். அவர் கண்டிப்பாகக் கூப்பிடுவார். “மேடம், நான் எங்கே தப்பு பண்ணினேன்?” என்று கேட்பார். அப்போது நம் ஊரில் எல்லாருக்கும் வாயில் வருவது, “நான் உங்க பேரைத்தான் சொன்னேன், எம்.டி.தான் ஒத்துக்கலை” என்ற ஆறுதல். அதைச் சொன்ன மறுநிமிடம், தேர்வு நியாயமாக நடக்கவில்லை என்று கம்பெனியின் ஹெச்.ஆரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் சொன்னால் அது ஆவணம். போனில் சொன்னால் ரெக்கார்டிங் இருக்கலாம். “நெக்ஸ்ட் டைம் கட்டாயம் பார்த்துக்கலாம்” என்பதும் நீங்கள் கடிதத்திலிருந்து எடுத்த அதே வாக்குறுதிதான்.

எதுவுமே சொல்லாதே என்று பல வழக்கறிஞர்கள் அறிவுரை தருவார்கள். கடைசிச் சுற்று வரை வந்தவர் விஷயத்தில் நான் அதை ஏற்பதில்லை. தாளில் இருப்பதை, தாளில் இருக்கும் அளவுக்கே சொல்லலாம்: “இந்தப் பணியில் ஜிஎஸ்டி ஒப்பீட்டு வேலைக்கு அதிக முக்கியத்துவம் கொடுத்தோம். அந்தப் பகுதியில் மற்றவர் கூடுதலாகச் செய்தார்.” அவர் அடுத்த நேர்காணலுக்குத் தயாராக இது உதவும், உங்கள் கோப்போடும் பொருந்தும். அதற்கு மேல் அவர் வாதாடினால், “முடிவு எடுத்தாகிவிட்டது, இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது” என்று தன்மையாக முடித்துவிடுங்கள். பேசி முடித்ததும் தேதி, நேரம், நீங்கள் சொன்ன வாக்கியம் மூன்றையும் அதே தாளின் கீழே எழுதி வையுங்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடமும், நேர்காணலில் உட்கார்ந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடமும், ஆள் அனுப்பிய கன்சல்டன்சியிடமும், இவர் கேட்டால் உங்களிடம் மட்டுமே அனுப்பும்படி கடிதம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.